ஐம்பது லட்சத்துக்குக் கீழே புவியீர்ப்பு கிடையாது

மேலிருந்து விழுவது எதுவானாலும் கீழேதான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நாடாளுமன்றம் அதைத் திருத்திவிட்டது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் வீட்டின் மொத்தச் செலவு ஐம்பது லட்சத்தைத் தாண்டாவிட்டால், அங்கே நடப்பது சட்டத்தின் கண்ணில் கட்டுமானப் பணியே அல்ல. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தாலும் அல்ல. செங்கல் ஏறுகிறது, கலவை ஏறுகிறது, இருபதடி உயரத்தில் ஒருவர் கரணையோடு நிற்கிறார். ஆனால் கட்டுமானம் நடக்கவில்லை. நடக்காத வேலையில் எவரும் விழ முடியாது. எவ்வளவு நிம்மதி!

இதற்கு முன்பிருந்த 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் இந்த வரம்பு பத்து லட்சம். இப்போது ஐந்து மடங்கு. சிமென்ட் விலை ஏறியது, கம்பி விலை ஏறியது, மணல் விலை ஏறியது, அதற்கேற்ப வரம்பையும் ஏற்றினோம் என்பார்கள். நியாயம்தான். மனித மண்டையோடு மட்டும் 1996-இல் எந்தத் தடிமனில் இருந்ததோ அதே தடிமனில் இருக்கிறது. அதை யாரும் விலைவாசிப் படியோடு இணைக்கவில்லை. தேவைப்பட்டால் அரசு இந்த ஐம்பது லட்சத்தை இன்னும் உயர்த்தி அறிவிக்கலாம் என்று சட்டத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். குறைப்பதற்கு இடம் விட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே நாற்பத்தெட்டு லட்சத்தில் ஒரு வீடு கட்டுவோம். புறநகரில் அரை கிரவுண்டு மனை. தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். மொத்த உயரம் இருபத்து நாலு அடி. அனுமதிக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் கணினியே உடனடி அனுமதி கொடுத்துவிடும். சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு விதி உண்டு, மழைநீர் சேகரிப்புக்கு விதி உண்டு. இருபத்து நாலு அடியில் ஆள் எதன்மேல் நிற்பார் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. மழைத்துளி கீழே விழுந்தால் எங்கே போக வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறையே தனி.

இனி ஒப்பந்தம். நம் ஒப்பந்தங்களைப் போல நுணுக்கமான இலக்கியம் வேறு கிடையாது. சமையலறைக் குழாய் எந்த நிறுவனத்துடையது, கூடத்து டைல்ஸ் எத்தனைக்கு எத்தனை, படுக்கையறையில் எத்தனை ஸ்விட்சு, தலைவாசல் தேக்கா வேம்பா, பெயின்ட் எத்தனை பூச்சு என்று எல்லாம் இருக்கும். சாரம் எங்கே இருக்கிறது என்று தேடினால், பூச்சு வேலைக்கான வரியின் கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கும்: ‘சாரம், நீராற்றல், ஏற்றுகூலி உட்பட’. அவ்வளவுதான். மரத்தா, இரும்பா, ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா, கைப்பிடி உண்டா, ஏணி உண்டா? எதுவும் இல்லை. அந்த ‘உட்பட’வுக்குத் தனியாக ஒரு ரூபாய் கிடையாது. தனிக்காசு இல்லாத பொருளில்தானே முதலில் மிச்சம் பிடிப்பார்கள்? சதுர அடிக் கணக்கில் லேபர் காண்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரி, குழாயில் மிச்சம் பிடித்தால் வீட்டுக்கார அம்மா பார்த்துவிடுவார். டைல்ஸில் பிடித்தால் ஐயா பார்த்துவிடுவார். சாரத்தில் பிடித்தால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. சாரம் வீட்டோடு தங்குவதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முன்பே அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மேஸ்திரி கொண்டுவரும் சாரத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சவுக்குக் கட்டைகள். இதற்கு முன் ஆறேழு வீடுகள் பார்த்தவை. ஒவ்வொரு வீட்டிலும் அடிப்பக்கம் ஈர மண்ணில் நின்று நின்று, கீழே ஒரு முழத்துக்கு உளுத்திருக்கும். நகத்தால் கீறினால் தூள் உதிரும். கட்டையைத் திருப்பிப்போட்டு, உளுத்த முனையை மேலே வைத்துக் கட்டிவிடுவது நம் பொறியியல். கால்கள் நிற்பது நேற்று வாரிப்போட்ட அஸ்திவார மண்மேல். அடியில் பலகை போட்டு எடையைப் பரப்ப வேண்டும். நாம் ஓர் உடைந்த செங்கல் வைப்போம். முதல் மழைக்கு ஒரு கால் மட்டும் நாலு விரற்கடை இறங்கும், பக்கத்துக் கால் இறங்காது. அந்த நாலு விரற்கடை மேலே இருபதடியில் எவ்வளவு சாய்வாகிறது என்பதைக் கொத்தனாரின் பாதம்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

கட்டுவது நார்க்கயிற்றால். நாரின் குணம் ஒன்று உண்டு. நனைந்தால் உப்பி இறுகும், காய்ந்தால் தளரும். காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறோம், நடுவில் சித்திரை வெயில் அடிக்கிறது. ஒவ்வொரு கட்டும் தினமும் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து, மூன்றாம் வாரத்தில் முடிச்சு முடிச்சாகவே இருக்கும், பிடிமானம் மட்டும் இருக்காது. கீழிருந்து பார்த்தால் தெரியாது. கட்டையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தெரியாத கொத்தனார் கிடையாது. அதைக் கேட்டுக்கொண்டேதான் ஏறுகிறார். ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அடுத்தது, இந்தச் சாரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்ற கேள்வி. நம் வீதிகளில் கட்டுவது பெரும்பாலும் ஒற்றை வரிசைச் சாரம். வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கால்கள் இருக்கும். குறுக்குக் கட்டையின் ஒரு முனை அந்தக் கால்களோடு கட்டியிருக்கும், மறுமுனை சுவரில் விட்ட ஓட்டைக்குள் செருகியிருக்கும். அதாவது பாதிச் சாரம் கட்டை, மீதிச் சாரம் சுவர். செங்கல் கட்டுகிறவரை இது ஏதோ ஓடிவிடும். பூச்சு வேலையில்தான் வேடிக்கை. பூச்சை மேலிருந்து கீழாகப் பூசி வருவார்கள். ஒவ்வொரு தட்டாக இறங்கும்போது குறுக்குக் கட்டையை உருவி, அந்த ஓட்டையைக் கலவை வைத்து அடைத்துக்கொண்டே வரவேண்டும். உருவிய ஒவ்வொரு கட்டையும் சாரத்துக்கும் சுவருக்கும் இருந்த ஒரு பிடி. ஆள் கீழ்த்தட்டில் நிற்கிறார். அவர் தலைக்கு மேலே பதினைந்து அடிக் கால்கள் சுவரோடு எந்த உறவும் இல்லாமல் அந்தரத்தில் ஆடுகின்றன. குறுக்கு மறுக்காக ஒரு சாய்வுக் கட்டை கட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கும். சாய்வுக் கட்டைக்கு இன்னும் நாலு சவுக்கு வேண்டும். அது ‘உட்பட’வில் வராது.

ஒரு சாரம் எதனோடும் கட்டாமல் தனியே நிற்க வேண்டுமானால், அதன் உயரம் அடி அகலத்தைப் போல நாலு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவிதி. நம் இருபத்து நாலு அடிக்கு ஆறடி அகலத்தில் அடி வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் மூன்றடி விட்டாலே பெரிய மனது என்று பெயர் வாங்கும் ஊரில் ஆறடிக்கு எங்கே போவது? அப்போது சாரத்தை வீட்டோடு பிணைக்க வேண்டும். கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஜன்னல் திறப்பு வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டு, உட்பக்கம் திறப்பைவிட நீளமான இன்னொரு குழாயைக் குறுக்கே வைத்து இறுக்கினால் போதும். சுவர் தானாகப் பிடித்துக்கொள்ளும். சுவரில் ஓட்டையும் வேண்டாம், பூச்சும் கெடாது. ஒரு வீட்டில் இதற்கு ஆகும் நேரம், வீட்டுக்காரர் டைல்ஸ் கடையில் நிறம் பார்க்கும் நேரத்தில் பாதிகூட இருக்காது.

இனி பலகை. மூன்று பலகை போட வேண்டிய இடத்தில் ஒன்றரை. அவை சும்மா கிடக்கும், ஆணியும் இல்லை, கட்டும் இல்லை. பலகையின் முனை குறுக்குக் கட்டையைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கலாம். தடிமனைப் போல நாலு மடங்குக்குள், சுமார் அரையடிக்குள் இருந்தால் ஆபத்தில்லை. நம்மிடம் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் வெட்டினால் பலகை வீணாகிவிடும். கொத்தனார் சுவரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைக்கிறார். கால் அந்த நீட்டல்மேல் விழுகிறது. பலகையின் மறுமுனை எழும்புகிறது. கதை முடிந்தது. பத்தடி உயரத்திலிருந்து தரைக்கு முக்கால் விநாடிக்குச் சற்று மேல். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். இருபதடியிலிருந்து விழுந்தால் 39. ‘சுதாரிச்சிருக்கலாமே’ என்று பிறகு சொல்லும் அன்பர்கள் முக்கால் விநாடியில் எதைச் சுதாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அதே பலகையில் ஐம்பது செங்கல் அடுக்கியிருப்பார்கள். ஒன்று மூன்று கிலோ என்றால் நூற்றைம்பது கிலோ. இரண்டு ஆள், கலவைச் சட்டிகள் சேர்ந்தால் முந்நூறைத் தாண்டும். விளிம்பில் அரையடி உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை நிறுத்தினால் செங்கல் கீழே உருளாது. அது இல்லை. கீழே யார் நிற்கிறார்? சித்தாள். அவருக்குத் தலைக்கவசம் கொடுத்திருக்கிறோமா? தலையில் சும்மாடு இருக்கிறதே! அதையும் தம் வீட்டுப் பழைய துணியில் அவரே சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

இந்த வீட்டில் உயரத்துக்கான பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அபாண்டம். மொட்டைமாடி மூலையில் கரிய முகமும் தொங்கும் நாக்குமாய் ஒரு திருஷ்டி பொம்மை இருக்கிறது. அதைக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்று முறுக்கி, காற்றுக்கும் மழைக்கும் அசையாதபடி தூண் கம்பியோடு பிணைத்திருக்கிறார்கள். அந்த மனையில் விதிப்படி கட்டப்பட்ட ஒரே உருப்படி அதுதான். அது விழாது. விழுந்தால் அபசகுனம்.

கொஞ்சம் படித்த வீட்டுக்காரர் இணையத்தில் ஒரு பாதுகாப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு, தம் மனசாட்சிக்கும் நிறைவுச் சான்று வாங்கிவிடுவார். அவருக்கு ஒரு கணக்கு. உடல்முழுதும் மாட்டும் வார்க்கச்சையோடு வரும் கயிறு சுமார் இரண்டு மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் மடிப்பு பிரிந்து மேலும் ஒன்றே முக்கால் மீட்டர் வரை நீளும். கொக்கி மாட்டும் இடத்துக்குக் கீழே ஆளின் உடல் ஒன்றரை மீட்டர். தரைக்கும் காலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும். கூட்டினால் ஆறு மீட்டருக்கு மேல், அதாவது இருபதடி. காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டு பத்தடி உயரத்தில் பூச்சு வேலை செய்பவர், பெல்ட் தன் வேலையைத் தொடங்குமுன்பே தரைக்கு வந்துவிடுவார். பெல்ட்டோடு விழுவார், அதுதான் வித்தியாசம். அதிலும் கொக்கியை மாட்டுவது எதில்? அதே உளுத்த சவுக்குக் கட்டையில். ஆளும் சாரமும் ஒன்றாக இறங்குவதற்கு நல்ல ஏற்பாடு. இரண்டடுக்கு வீட்டுக்கு வேண்டியது இடுப்புயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய், நடுவில் ஒன்று, காலடியில் தடுப்புப் பலகை. பெல்ட் அதற்குப் பிறகுதான். ஆனால் பெல்ட்டோடு ஆளை நிறுத்திப் படமெடுத்து அனுப்பலாம், குழாயைப் படமெடுத்தால் யார் மதிப்பார்கள்?

மேஸ்திரியிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“இருபது வருசமா இப்படித்தான் சார் கட்டறோம். ஒண்ணும் ஆனதில்ல.”

“ஆனவங்க யாருமே இல்லையா?”

“ஒருத்தன் விழுந்தான். அவன் தண்ணி போட்டிருந்தான் சார்.”

விழுந்தவர் எப்போதும் தண்ணி போட்டிருப்பார். உடற்கூறாய்வு அறிக்கை வருவதற்கு முன்பே தெருமுனை வரை அது முடிவாகியிருக்கும். மேஸ்திரியையும் முழுக்கத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரும் நேற்றைய கொத்தனார்தான். சாரத்துக்கு வாடகை கேட்டால் அடுத்த வேலை அடுத்த மேஸ்திரிக்குப் போய்விடும். சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைக்க அவரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேரம் பேசி, காபி கொடுத்து, கை குலுக்கி ஜெயித்தோமே, அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நினைத்தோம்?

விழுந்த பிறகுதான் சட்டத்துக்குக் கண் தெரியும். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. அதன் அட்டவணையில் ஒரு தளத்துக்கு மேற்பட்ட கட்டடம், அல்லது தரையிலிருந்து கூரை உச்சி வரை பன்னிரண்டு அடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்று இருக்கிறது. கவனியுங்கள், அடியில் அளந்திருக்கிறார்கள். செத்தவனுக்குப் பணம் கொடுக்கும் சட்டம் உயரத்தை அடியில் அளக்கிறது. சாகாமல் காக்க வேண்டிய சட்டம் உயரத்தை ரூபாயில் அளக்கிறது. 

அந்த இழப்பீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். முப்பத்தைந்து வயதுக் கொத்தனார் இறந்தால், மாதக் கூலியில் பாதியை அந்த வயதுக்கான 197.06 என்ற காரணியால் பெருக்க வேண்டும். அவர் மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பாதித்தாலும் 2020 முதல் கூலியைப் பதினைந்தாயிரத்துக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு பெருக்கல் 197.06 என்றால் 14,77,950 ரூபாய். இதைக் கொடுக்க வேண்டியவர் வேலைக்கு வைத்தவர். வீட்டுக்காரர் நேரடியாக நாள்கூலிக்கு ஆள் வைத்திருந்தால் அவரேதான். மேஸ்திரியிடம் விட்டிருந்தால் மேஸ்திரி. பதினைந்து லட்சம் ரூபாய் வைத்திருக்கும் மேஸ்திரி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஆகவே வழக்கு நடக்காது, பஞ்சாயத்துத்தான் நடக்கும். அடக்கச் செலவு, கையில் ஒரு கவர், ‘பிள்ளைகள் படிப்புக்கு நாங்க இருக்கோம்’ என்று ஒரு வாக்கு. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சங்கிதையின் 106-ஆம் பிரிவில் வழக்குப் பதிந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அதிலும் ஏறுவது பெரும்பாலும் மேஸ்திரியின் பெயர்தான். பேரம் பேசி ஜெயித்தவரின் பெயர் புதுமனைப் புகுவிழா அழைப்பிதழில் மட்டும் ஏறும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், வசூல் செய்தது. 1996-ஆம் ஆண்டிலேயே கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல வரியாக வாங்கச் சட்டம் வந்தது. தொழிலாளர் இறந்தால் வாரியம் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும். நல்ல காரியம். ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கையாவது செலவழித்து, தெருத்தெருவாகப் போய், “அந்தப் பலகையைக் கட்டுங்கள், அந்தக் காலுக்கு அடியில் பலகை போடுங்கள்” என்று சொல்ல ஓர் ஆள் அனுப்பலாமே? தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் அதிகாரி பெரிய அடுக்ககங்களுக்குப் போவார். நம் வீட்டில் எட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள். இன்னும் இரண்டு பேரும், இரண்டு லட்சத்துக்கு மேல் செலவும் சேர்ந்தால்தான் அந்த எட்டுப் பேரின் எலும்பும் எலும்பாகும்.

இரும்புச் சாரம் கிடைக்காத பொருளல்ல. எச் பிரேமும் கப்லாக்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இப்போது சின்ன ஊர்களில்கூட இருக்கின்றன. சென்ட்ரிங் போட முட்டு எடுக்கும் அதே கடையில் கேட்டால் கிடைக்கும். பூச்சுக்கும் பெயின்டுக்கும் சேர்த்து எடுத்தாலும், மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் பளபளப்புக் குழாயின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். படியில் நாம் நடக்கும்போது நமக்குக் கைப்பிடி வேண்டும். எவர்சில்வரில், கண்ணாடி பதித்து. நமக்காக இருபதடியில் நிற்பவருக்குச் சாதா இரும்புக்குழாய்கூட அதிகமா?

கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டம் கட்டமாகப் பணம் விடுவிக்குமுன் உங்கள் மதிப்பீட்டாளர் வந்து கூரை போட்டாயிற்றா, பூச்சு முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தானே போகிறார்? அவர் தலையைக் கொஞ்சம் தூக்கி, கைப்பிடி இல்லாத சாரத்துக்குப் பணம் கிடையாது என்று எழுதினால், சட்டத் தொகுப்பு செய்யாததை ஒரே தவணை செய்துவிடும்.

வீடு கட்டப்போகிறவர்களே, உங்கள் ஒப்பந்தத்தில் அந்த ‘உட்பட’வை அடித்துவிடுங்கள். சாரத்துக்குத் தனி வரி, தனித் தொகை எழுதுங்கள்: இரட்டை வரிசை இரும்புச் சாரம், ஒவ்வொரு காலுக்கும் அடித்தட்டும் பலகையும், ஜன்னல் வழியாகப் பிணைப்பு, கட்டப்பட்ட முழுப் பலகைத் தட்டு, இரண்டு கைப்பிடிக் குழாய், தடுப்புப் பலகை, தட்டுக்கு மேல் மூன்றடி நீளும் ஏணி. அந்தத் தொகையில் பேரம் பேசாதீர்கள். பூச்சு தொடங்கும் நாள் காலையில், கொத்தனார் ஏறுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை ஏறி, மேல்தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிட்டு வாருங்கள். உங்களுக்குக் கால் நடுங்கினால் அன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லி, எட்டுப் பேருக்கும் முழுக்கூலி கொடுத்து, சாரத்தைப் பிரித்து மறுபடி கட்டச் சொல்லுங்கள்.